நனைந்த பேம்பர்ஸ், நிறைந்த சிறுநீர்ப்பை: ஓர் இரவுப் பணியின் நிகழ்வு ஆய்வு

முதலாண்டுத் தாதிமை மாணவர்களின் வகுப்பில் வாசிப்பதற்காகக் கதை வடிவில் எழுதப்பட்ட நிகழ்வு இது. இதில் வரும் பாட்டியும் மாணவியும் ஸ்டாஃப் நர்ஸும் கற்பனைப் பாத்திரங்கள். பாட்டிக்கு நேர்வது மட்டும் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. நோயாளிக்காகப் பேசுவது என்றால் குரலை உயர்த்தி வாதாடுவது என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். இந்த இரவில் அந்த வேலையின் பெரும்பகுதி ஒரு கணக்குத் தாளிலும் ஒரு தராசிலும்தான் நடந்தது.

நோயாளி

சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் சி வகுப்பு வார்டு. பாட்டிக்கு வயது 78. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. முதுகில் மயக்க ஊசி போட்டு, பாதி இடுப்பு மூட்டை மாற்றியிருக்கிறார்கள். இது அறுவை முடிந்த இரண்டாம் நாள் இரவு. தமிழ் சரளமாகப் பேசுவார், பாசார் மலாயும் வரும். ஆங்கிலத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

அன்று காலை 8 மணிக்குச் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் வாய்ப்பு கூடும், அதனால் சீக்கிரம் எடுப்பதே முறை. எடுத்த பிறகு நோயாளி தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா, எவ்வளவு கழிக்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் கோளாறு தொடங்கிய இடம் அதுதான்.

வலிக்கு டிராமடால் 50 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை. உடம்பு அரிக்கிறது என்று சொன்னதால், முதல் நாள் மாலையிலிருந்து குளோர்ஃபெனிரமின் 4 மில்லிகிராம் மூன்று வேளை. வார்டில் எல்லாரும் பிரிட்டன் என்று சொல்லும் மஞ்சள் மாத்திரை அது. மலம் கழித்து நான்கு நாள் ஆகிவிட்டது.

நள்ளிரவுக்கு முன்

பகல் ஷிஃப்டிலிருந்து வந்த செய்தி சுருக்கமாக இருந்தது: "மாலையிலிருந்து கொஞ்சம் குழப்பமாக இருக்கிறார், சொன்னால் கேட்பதில்லை. பேம்பர்ஸில் சிறுநீர் போகிறது."

இரவு 11.50க்குப் பாட்டி வலது காலைக் கட்டில் கம்பிக்கு மேல் போட்டுவிட்டார். மேலே போர்த்தியிருந்த துணியைப் பிடித்து இழுத்தபடி இருந்தார். ஸ்டாஃப் நர்ஸ் ஓடிப் போய்ப் பிடித்தார். அவர் பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவர், பொறுமைசாலி. அதே நேரத்தில் அடுத்த அறையில் இன்னொரு நோயாளிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, அதையும் அவர்தான் கவனிக்க வேண்டும்.

பாராமீட்டர் எடுத்தார்கள். காய்ச்சல் இல்லை, 37.1 பாகை. நாடித்துடிப்பு 104. ரத்த அழுத்தம் 168/90; பகலில் 134/76 இருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 20, ஆக்சிஜன் அளவு 97 விழுக்காடு, சர்க்கரை 8.2. இரவுப் பணி மருத்துவர் தொலைபேசியில் கேட்டது: அறுவை முடிந்த முதியவர், குழப்பம், கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார், விழும் அபாயம். அவர் சொன்னது: அமைதிப்படுத்தும் மருந்தான ஹாலோபெரிடால் 0.5 மில்லிகிராம், தேவைப்பட்டால் உடலைக் கட்டிலோடு கட்டும் துணிப்பட்டை.

இந்த உத்தரவில் அலட்சியம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைபேசியில் தரப்பட்ட தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. அவரிடம் சொல்லப்படாத ஒன்று இருந்தது.

மாணவி பார்த்தது

ஸ்டாஃப் நர்ஸ் மருந்து எடுக்கப் போனபோது, பாட்டி பக்கத்தில் உட்காரும்படி மாணவியிடம் சொன்னார். மாணவி பாட்டியின் கையை மெல்லத் தொட்டு, "பாட்டி, எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போறேன்மா. இங்க முடியல."

"என்ன முடியல பாட்டி? கால் வலிக்குதா?"

"கால் இல்லம்மா." அதற்கு மேல் சொல்லவில்லை. ஒரு கை துணியை இழுத்தது. மற்றக் கை தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. இழுக்கும் கையைத்தான் இதுவரை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

மாணவி திரையை இழுத்து மூடினாள். குனிந்து காதருகில் கேட்டாள்: "ஒண்ணுக்கு வருதா பாட்டி?"

பாட்டி சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்ற மாதிரியே இருக்கும்மா. முக்கினாச் சொட்டுச் சொட்டா வருது. சாயங்காலம் ஒரு ஆம்பளப் பையன் வந்து துணி மாத்துனான். அவன்கிட்ட எப்படிச் சொல்றது? மிஸ்ஸிமாருக்கும் ஆயிரம் வேலை."

குழப்பத்தில் இருக்கும் நோயாளி சொல்வதெல்லாம் குழப்பம் என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டிக்கு அது என்ன நாள் என்று தெரியவில்லை, மருத்துவமனையை மகள் வீடு என்று ஒரு தடவை சொன்னார். அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லிவிட்டார்.

முதல் முயற்சி தோற்றது

மாணவி மருந்து வண்டியிடம் போனாள். "சிஸ்டர், பாட்டிக்கு என்னமோ சரியில்லை. மருந்து கொடுக்க வேண்டாமே."

"அவருக்குச் சரியில்லை என்பதால்தான் மருந்து கொடுக்கிறோம். விழுந்தால் மறுபடி ஆபரேஷன். நீ போய் அவர் பக்கத்திலேயே இரு."

இதற்கு ஸ்டாஃப் நர்ஸைக் குறை சொல்ல முடியாது. மாணவி சொன்னதில் செய்தி எதுவும் இல்லை, ஒரு உணர்வு மட்டும்தான் இருந்தது. நள்ளிரவில் பல நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, பேம்பர்ஸில் சிறுநீர் போகிறது என்ற தகவல் ஏற்கெனவே கையில் இருந்தது. அது பொய்யும் இல்லை.

மாணவி செய்த நல்ல காரியம், சோர்ந்து போகாமல் தாளைப் பார்த்தது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுதும் கணக்கு அது. காலை 8 மணியிலிருந்து வாய்வழி 1,100 மில்லி, டிரிப்பில் 500 மில்லி, ஆக மொத்தம் 1,600 உள்ளே போயிருந்தது. வெளியே வந்த பக்கத்தில் ஒரே ஒரு எண்: பிற்பகல் 2 மணிக்குப் பெட்பேனில் 120 மில்லி. அதன்பின் 5 மணி, 7.30, 9 மணி, 10.30 என்று நான்கு இடங்களில் பேம்பர்ஸ் நனைந்ததற்கான சரி அடையாளம் மட்டும். அளவு எங்கும் இல்லை.

10.30க்கு மாற்றிய பேம்பர்ஸ் இன்னும் பையில்தான் இருந்தது. தராசில் வைத்தாள்: 165 கிராம். அதே வகையில் காய்ந்தது ஒன்று 110 கிராம். வித்தியாசம் 55. ஒரு கிராமை ஒரு மில்லியாக எடுத்துக்கொள்ளலாம், ஆக 55 மில்லி. நான்கும் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்தாலும் 220தான் வரும். 120ஐச் சேர்த்தால் 340. வியர்வையிலும் மூச்சிலும் சில நூறு மில்லி போகும் என்று கழித்தாலும், மீதி எங்கேயோ தங்கியிருக்க வேண்டும்.

ஏன் நிறைந்த பை ஒழுகுகிறது

இந்த நிகழ்வில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். பை சுருங்காமல் போனால், அல்லது வெளிவாய் தளராமல் போனால், உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் உள்ளழுத்தம் வெளிவாயின் பிடியை மீறும். அப்போது கொஞ்சம் கசியும், அழுத்தம் சற்றே குறையும், கசிவு நிற்கும், மறுபடி சேரும். மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேம்பர்ஸ் நனைகிறது. உள்ளே பை காலியாவதே இல்லை. ஆகவே அடிக்கடி சிறிதளவு நனையும் பேம்பர்ஸைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, அதுவே எச்சரிக்கை.

பாட்டிக்குக் காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. டிராமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் பை நிறைந்த உணர்வையும் அது சுருங்கும் வலுவையும் மந்தமாக்கும். பிரிட்டன் பை சுருங்கத் தேவையான நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கும். முதியவர்களுக்கு அதே மருந்து மூளையிலும் குழப்பத்தை உண்டாக்கும். நான்கு நாள் மலம் குடலின் அடிப்பகுதியில் இறுகிப் பையின் வாயை அழுத்தும். மல்லாந்து படுத்தபடி, திரைக்கு அப்பால் ஆள் நடமாடும் இடத்தில், பெட்பேனில் கழிப்பது பலருக்கு முடியாத காரியம்.

நிரம்பி வலிக்கும் பை முதியவருக்கு டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பத்தைக் கிளப்பிவிடும், ஏற்கெனவே இருப்பதைக் கூட்டும். நாடியும் ரத்த அழுத்தமும் உயர்ந்ததற்கும் அந்த வேதனை போதும். இந்த நிலையில் பட்டையால் கட்டினால் வேதனை இருக்கும், அதைச் சொல்லும் வழி மட்டும் போய்விடும். கட்டப்பட்ட நோயாளி திமிறுவார், குழப்பம் கூடும். ஹாலோபெரிடால் அவரை அமைதியாக்கினால் நிலைமை இன்னும் மோசம்: பை விடியும்வரை விரிந்துகொண்டே போகும். நெடுநேரம் அளவுக்கு மீறி விரிந்த பையின் தசை பலமிழந்து, பிறகு நாள்கணக்கில், சிலருக்கு அதைவிட நீண்ட காலம், சுருங்க மறுக்கும்.

இரண்டாம் முயற்சி

மாணவி தாளைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். காலை 8 மணிக்குக் குழாய் எடுத்ததிலிருந்து பாட்டிக்கு 1,600 உள்ளே போயிருக்கு. அளந்து எழுதினது 120 மட்டும். கடைசிப் பேம்பர்ஸை எடை போட்டேன், 55தான். அடிவயிற்றைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, சொட்டுச் சொட்டா வருதுன்னு தமிழில் சொன்னாங்க. சிறுநீர் தேங்கியிருக்குமோன்னு கவலையா இருக்கு. மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி பிளாடர் ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா?"

ஸ்டாஃப் நர்ஸ் மருந்தைக் கீழே வைத்தார்.

முதல் முயற்சியில் மாணவி மருந்தை நிறுத்தச் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. இரண்டாவதில் எண்கள் இருந்தன, நோயாளியின் சொல் இருந்தது, இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு கோரிக்கை இருந்தது. நோய் இன்னதுதான் என்று அவள் அடித்துப் பேசவில்லை. மாணவியின் எல்லை அது. அந்த எல்லைக்குள் நின்றே உத்தரவை ஒரு நிமிடம் நிறுத்திவைக்க முடிந்தது.

இதுவும் எடுபடாமல் போயிருந்தால்? அப்போது சொல்லும் முறையில் படிகள் உண்டு: கவலையாக இருக்கிறது, இப்படியே விட மனம் ஒப்பவில்லை, இது நோயாளியின் பாதுகாப்பு விஷயம். மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகும் பதில் இல்லை என்றால், அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான தாதியிடம் போகலாம். பயிற்சிப் பொறுப்பாளரையும் அழைக்கலாம். நேரே மருத்துவரைத் தொலைபேசியில் பிடிப்பதோ, மருந்தை ஒளித்து வைப்பதோ மாணவியின் வழி அல்ல.

ஸ்கேனும் குழாயும்

பாட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்தரங்க எலும்புக்கு மேலே மூன்று சென்டிமீட்டர் அளவில் ஜெல் தடவி, முனையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தார்கள். கருவியில் ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; கருப்பை எடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பெரும்பாலான கருவிகளில் ஆண் என்றுதான் தேர்வு செய்ய வேண்டும், இல்லையேல் அளவு பிசகும். பாட்டிக்குக் கருப்பை இருக்கிறதா என்று மாணவி கேட்டுச் சொன்னாள். இருக்கிறது. முதல் அளவு 790. முனையைச் சரிசெய்து மறுபடி எடுத்தபோது 815. வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்கு இந்தக் கருவி அதையும் சிறுநீராக எண்ணிவிடும், ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டாஃப் நர்ஸ் தொட்டபோது தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை உருண்டையாக இறுகியிருந்தது. தொட்டதும் பாட்டி முகம் சுளித்தார்.

அவர் மருத்துவரை மறுபடி அழைத்த விதத்தைக் கவனியுங்கள். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற வரிசை அது. "குழப்பத்தோடு இருக்கும் அந்தப் பாட்டியைப் பற்றி. ஸ்கேனில் 815 மில்லி. குழாய் எடுத்து 16 மணி நேரம், டிராமடாலும் குளோர்ஃபெனிரமினும் போகிறது, நான்கு நாள் மலம் இல்லை. சிறுநீர்த் தேக்கம்தான் அமைதியின்மைக்குக் காரணமாகத் தெரிகிறது. ஹாலோபெரிடால் இன்னும் கொடுக்கவில்லை. ஒரு தடவை குழாய் போட்டு எடுக்க அனுமதி வேண்டும், கட்டும் உத்தரவை நிறுத்திவைக்கலாமா?" மருத்துவர் இரண்டுக்கும் சம்மதித்தார், ஒரு மணி நேரத்தில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

பாட்டியின் சம்மதத்தைக் கேட்க வேண்டியது அடுத்து. குழப்பத்தில் இருக்கிறார் என்பதற்காக அதைத் தாண்டிப் போக முடியாது. சிங்கப்பூரின் மென்ட்டல் கெப்பாசிட்டி சட்டம் ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற எடுகோளில்தான் தொடங்குகிறது. புரியவைக்க எல்லா முயற்சியும் செய்யச் சொல்கிறது. அவருக்காக முடிவெடுக்க நேர்ந்தாலும் அவர் சுதந்திரத்தைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. மாணவி சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள்: "பாட்டி, ஒண்ணுக்கு உள்ளயே நிக்குது. ஒரு மெல்லிசான குழாய் விட்டு எடுத்துட்டு உடனே எடுத்துடுவாங்க. பொம்பளைங்க மட்டும்தான் இருப்போம். செய்யலாமா?" பாட்டி, "சீக்கிரம் செய்யும்மா" என்றார். இந்த அளவு உதவிக்கு மாணவியின் தமிழ் போதும். அறுவைக்கு ஒப்புதல் போன்ற பெரிய விஷயத்துக்கு முறையான மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

இடுப்பு மாற்றியவரின் கால்களை வழக்கம்போல் இரு பக்கமும் மடக்கி விரிக்கக் கூடாது; புது மூட்டு நழுவிவிடலாம். இடது காலைப் பெரிதாக மடக்காமல் சற்று விலக்கித் தலையணை கொடுத்து, வலது காலை மட்டும் மடக்கினார்கள். மாணவி விளக்கைப் பிடித்தாள், பாட்டியின் கையையும் பிடித்துக்கொண்டாள். 12 எண் குழாயில் 840 மில்லி வந்தது. இடையில் அடைத்து அடைத்து எடுக்கும் பழைய வழக்கம் இப்போது அவசியமாகக் கருதப்படுவதில்லை. ஒரே மூச்சில் காலியாக்கலாம், பிறகு ரத்த அழுத்தம் இறங்குகிறதா, சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இருபது நிமிடம் கழித்து அழுத்தம் 138/80, நாடி 86.

குணமாகாத பகுதி

பாட்டி தூங்கினார். ஆனால் குழப்பம் முழுதாகப் போய்விடவில்லை. 3 மணிக்கு விழித்து, இறந்துபோன கணவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். டெலிரியம் கூடியும் குறைந்தும் வரும், காரணத்தை நீக்கிய பிறகும் சில நாள் நீடிக்கலாம். மாணவர்கள் இங்கே ஏமாந்து போகிறார்கள்: பையைக் காலியாக்கியும் குழப்பம் இருக்கிறதே, நம் கணிப்பு தவறோ என்று. தவறில்லை. அவர் இப்போது கட்டிலைவிட்டு இறங்கத் திமிறவில்லை, பட்டையும் ஹாலோபெரிடாலும் தேவைப்படவில்லை. விழும் அபாயம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குக் கட்டிலைத் தரையளவுக்குத் தாழ்த்தி, மூக்குக்கண்ணாடியைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, விளக்கை மங்கலாக எரியவிட்டார்கள்.

6 மணிக்கு இரண்டு பேர் தாங்கிக் காமோடில் உட்காரவைத்து, திரையை மூடி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். 180 மில்லி தானாக வந்தது. ஸ்கேனில் மீதம் 240. நன்றாகவே இருக்கிறது, ஆனால் முடிந்துவிடவில்லை.

ஒப்படைப்பில் சொன்னது

காலை ஷிஃப்டிடம் சொல்ல வேண்டியதை முதலில் மாணவியை எழுதிப் பார்க்கச் சொன்னார் ஸ்டாஃப் நர்ஸ். அவள் முதல் வரியில் "இரவு குழப்பம், அமைதியின்மை" என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு இப்படி எழுத வைத்தார்: "11.50க்கு அடிவயிற்று வேதனையோடு கட்டிலிலிருந்து இறங்க முயன்றார். ஸ்கேன் 815, குழாயில் 840 எடுக்கப்பட்டது. அதன்பின் திமிறவில்லை. நாளும் இடமும் இன்னும் தெரியவில்லை." குழப்பம் என்ற ஒற்றை வார்த்தை நோயாளியின் மேல் ஒட்டிக்கொண்டால், அடுத்த தடவை அவர் துணியை இழுக்கும்போது யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அதோடு நான்கு கோரிக்கைகள் போயின. பேம்பர்ஸைச் சரி அடையாளத்தோடு விடாமல் ஒவ்வொரு தடவையும் எடை போட்டு எழுத வேண்டும். பெட்பேனுக்குப் பதில் காமோடு, முடிந்தவரை பெண் பணியாளர். காலைச் சுற்றில் பிரிட்டனை நிறுத்துவது, டிராமடாலுக்கு மாற்று, மலத்துக்கு மருந்து ஆகியவற்றை மருத்துவர் குழுவிடம் கேட்க வேண்டும். அடுத்த ஸ்கேன் நண்பகல் 12 மணிக்கு, அல்லது அதற்கு முன்பே பாட்டி அடிவயிற்றைப் பிடித்தால் அப்போதே.

சுற்று 8.40க்கு வந்தது. பிரிட்டன் நிறுத்தப்பட்டது, டிராமடால் பாராசிட்டமாலாக மாறியது, மலவாயில் வைக்கும் மாத்திரையும் லாக்டுலோஸும் எழுதப்பட்டன. 12 மணி ஸ்கேனில் 400க்கு மேல் இருந்தால் மறுபடி ஒரு தடவை குழாய், இல்லையேல் காத்திருக்கலாம் என்று குறிப்பில் ஏறியது.